புத்தகத்தை மூடிவிட்டு ஒரு மாதம்

பரீட்சைக்கு முன்னால் ஒரு மாதம் படிப்பு விடுமுறை விட்டார்கள். விடுதியில் இருந்தால் பேச்சுத்தான் நடக்கும், படிப்பு நடக்காது என்று எனக்குத் தெரியும். பையைக் கட்டிக்கொண்டு பசறைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துவிட்டேன். தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசையில் ஒன்றான எங்கள் லயத்து வீட்டில் அப்போது மூன்று பேர்: கொழுந்து பறிக்கப் போகும் அம்மா, அண்ணி, அண்ணியின் கைக்குழந்தை. அண்ணன் கொழும்பில் ஹோட்டல் வேலை. மாதம் ஒருமுறை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போவான்.

நான் படித்துக்கொண்டிருந்தது விவசாயப் பட்டம், இரண்டாம் வருடம். மண்ணியல் பாடத்தில் ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டிருந்தேன். அதை இந்தத் தடவை மற்றப் பாடங்களோடு சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். மறுபடியும் தவறினால் என்னோடு சேர்ந்தவர்கள் மூன்றாம் வருடத்துக்குப் போவார்கள். நான் எனக்குப் பின்னால் சேர்ந்த பிள்ளைகளோடு உட்கார வேண்டியதுதான். எங்கள் பீடத்துச் சட்டம் அப்படி. அம்மாவுக்கு இதைப் பாதிதான் சொல்லியிருந்தேன். அண்ணிக்கு முழுவதும் தெரியும். அண்ணியிடம் எதையும் பாதியாகச் சொல்ல முடியாது.

போன தடவை நான் படிக்காமல் தவறவில்லை. விழுந்து விழுந்து படித்தேன். ஒரே அத்தியாயத்தை நாலு தரம் வாசித்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டு, கடைசியில் பக்கம் முழுவதும் மஞ்சளாக இருந்தது. பரீட்சை மண்டபத்தில் அந்த மஞ்சள் மட்டும் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை வேறு வழி பார்ப்போம் என்று, நாலு பாடங்களின் அத்தியாயப் பட்டியலையும் போனிலிருந்த ஏஐயில் ஏற்றினேன். மூன்று பாடத்துக்கு பிடிஎஃப் இருந்தது. நாலாவதற்கு விரிவுரையாளர் பலகையில் எழுதிய பட்டியலைப் படம் பிடித்து வைத்திருந்தேன். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்பதால் இதையெல்லாம் கோயிலுக்குப் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்து செய்தேன். சாமி கும்பிட வந்தவர்கள் என்னைப் பக்தி முற்றிய பிள்ளை என்று நினைத்திருப்பார்கள்.

அது எடுத்த எடுப்பில் அட்டவணை போட்டுவிடவில்லை. எந்தப் பரீட்சை எந்தத் தேதி, ஒரு நாளைக்கு உண்மையாக எவ்வளவு நேரம் உட்கார முடியும், எந்தப் பாடம் கஷ்டம் என்று கேட்டது. நான் வீராப்பாக எட்டு மணித்தியாலம் என்றேன். அதற்கு ஏற்றபடி ஒன்று போட்டுத் தந்தது. இரண்டாம் நாளே மூச்சு வாங்கியது. ஐந்து என்று திருத்திச் சொன்னேன். முணுமுணுக்காமல் வேறொன்று போட்டது. மனிதர்களாக இருந்தால் இந்த இடத்தில் நாலு வார்த்தை சொல்லியிருப்பார்கள்.

முறை எளிதானதுதான். ஒரு அத்தியாயத்தை முதலில் ஒரு தடவை கவனமாகப் படிக்க வேண்டும். அடுத்த நாள் அதே அத்தியாயம் திரும்ப வரும். ஆனால் படிக்க அல்ல. புத்தகத்தை மூடிவிட்டு, ஞாபகத்தில் இருப்பதையெல்லாம் வெள்ளைத் தாளில் எழுத வேண்டும். பிறகு திறந்து பார்த்து, விட்டதைச் சிவப்புப் பேனாவால் எழுத வேண்டும். அதன் பிறகு கேள்விகள். சரியாகச் சொன்னது சில நாள் கழித்து வரும். மறுபடியும் சரி என்றால் ஒரு வாரம் தள்ளிப் போகும். தவறினது நாளைக்கே வந்து நிற்கும். மறக்கப் போகும் நேரம் பார்த்து இழுத்துப் பிடிப்பதுதான் இதன் சூட்சுமம். ஒரே நாளில் ஒரு பாடத்தையே போட்டு அடிக்காமல் இரண்டு மூன்றைக் கலந்து போட்டிருந்தது. மண்ணியலுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம். வாரத்தில் ஒரு நாளை, பிந்திப் போனதைப் பிடிப்பதற்கென்று காலியாக விட்டிருந்தது. தினமும் சாயங்காலம் திட்டுக்குப் போய் எது வந்தது, எது வரவில்லை என்று எழுதிப் போடுவேன். அதைப் பார்த்து அடுத்து வரும் நாட்களை மாற்றித் தரும்.

இதில் முதலில் வந்த தொல்லை அம்மா. படிப்பது என்றால் புத்தகம் திறந்திருக்க வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. மத்தியானம் சாப்பாட்டுக்கு வரும் போதெல்லாம் நான் மூடிய புத்தகத்துக்கு முன்னால் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"ஏம்மா, புத்தகத்த மூடி வச்சிக்கிட்டு யார நெனச்சிக்கிட்டு இருக்க?" என்றாள் ஒரு நாள்.

"படிக்கிறேம்மா."

"இப்புடிப் படிச்சுத்தான் போன தடவ போச்சு போல."

எனக்குச் சுள்ளென்று வந்தது. போன தடவை நாள் முழுக்கப் புத்தகம் திறந்துதான் இருந்தது என்று சொல்ல வாய் வந்தது. மழையிலும் அட்டைக் கடியிலும் நின்றுவிட்டு வந்த மனுஷியிடம் படிப்பு முறையைப் பற்றி வாதாடுவது நன்றாக இருக்காது.

கேள்வி கேட்க ஆள் வேண்டியிருந்தது. நானே கேட்டு நானே சொன்னால், தெரியாததைக்கூட 'இது தெரிந்ததுதானே' என்று தாண்டிவிடுகிறேன். அண்ணி சும்மாதான் இருந்தாள் என்று சொன்னால் அடிப்பாள்; கைக்குழந்தையை வைத்துக்கொண்டு யாரும் சும்மா இருப்பதில்லை. ஆனால் வீட்டில் இருந்தாள். சாதாரண தரம், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்தவள். கணிதமும் இங்கிலீஷும் கைவிட்டதால் கார்மண்ட் தையல் ஆலை வேலைக்குப் போனவள். அவள் கேட்க வசதியாக இருக்கட்டும் என்று, கேள்வியையும் விடையையும் தமிழில் போட்டுத் தரும்படி ஏஐயிடம் சொன்னேன். போட்டுத் தந்தது. திட்டில் உட்கார்ந்து தாளில் எழுதி எடுத்து வந்தேன்.

அண்ணியைப் போல ஒரு பரீட்சகரைப் பல்கலைக்கழகத்தில் நான் பார்த்ததில்லை. பிள்ளையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே கேட்பாள். விடையில் நாலு விஷயம் இருந்து நான் மூன்று சொன்னால் பிழைதான். 'கிட்டத்தட்ட அதுதானே அண்ணி' என்றால், "கிட்டத்தட்டன்னா பிழைன்னு அர்த்தம்" என்பாள். கார்மண்ட்டில் தையல் சரிபார்க்கும் வேலை செய்தவள்.

கொஞ்ச நாளில் கேட்பதோடு நிற்கவில்லை. மண் புளிப்பதைப் பற்றிய அத்தியாயம் நடந்தபோது, "தேயில மட்டும் புளிச்ச மண்ணுல எப்புடி நல்லா வருது?" என்றாள். சொன்னேன். "அப்ப நம்ம வீட்டுப் பின்னால போட்ட போஞ்சிச் செடி ஏன் மஞ்சளாப் போச்சுன்னு இப்பத்தான் வெளங்குது" என்றாள். அடுத்த நாள் அடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய் அங்கே கொட்டினாள். மண் எப்படி உண்டாகிறது, தண்ணீரை எப்படிப் பிடித்து வைக்கிறது, மழை மேல்மண்ணை எப்படி அரித்துக்கொண்டு போகிறது என்று ஒவ்வொன்றாக எங்கள் வீட்டுக்குள் நடந்தது. அவளுக்கு விளங்கும்படி சொல்லப் போய் எனக்கே விளங்கியது. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். பரீட்சையை நினைத்துப் பயந்துகொண்டிருக்கும் பிள்ளை சந்தோஷமாகவும் இருக்கலாம் என்பது எனக்கே புதுச் செய்தி.

அட்டவணையில் பாதிக்கு மேல் சரி விழுந்துவிட்டது. மண்ணியலில் சில அத்தியாயங்கள் ஒரு வாரத்துக்கு அப்பால் தள்ளிப் போய்விட்டன. எனக்குத் தலைக்கனம் ஏறியது. பதுளையில் ஒரு கடைக்காரக் குடும்பத்துப் பிள்ளை என்னோடு படிக்கிறாள். கடைக்கு மேல் மாடியில் வீடு. பழைய வினாத்தாள் ஒன்றை மணி வைத்து எழுதிப் பார்ப்போம் வா என்று கூப்பிட்டாள். பஸ் ஏறிப் போனேன்.

கேள்வித்தாளைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. எல்லாமே தெரிந்த கேள்வி. பேனாவை எடுத்தேன். முதல் வரி எழுதினேன். இரண்டாம் வரி வரவில்லை.

பதில் எனக்குள் முழுசாக இருந்தது. தமிழில் இருந்தது. அண்ணிக்குச் சொன்ன அதே ஒழுங்கில், போஞ்சியும் சாம்பலும் சேர்ந்து இருந்தது. எங்கள் பரீட்சையோ இங்கிலீஷில். விரிவுரை, புத்தகம், கேள்வி, விடை எல்லாமே இங்கிலீஷ். பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரைக்கும் எல்லாவற்றையும் தமிழில் படித்துவிட்டுப் போன எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு முதல் வருடம் முழுவதும் அதோடு மல்லுக்கட்டுவதுதான் வேலை. மூன்று வாரமாக நான் மூளையிலிருந்து வெளியே எடுத்துப் பழகியதெல்லாம் தமிழ் வாக்கியம். தாளில் கேட்பது இங்கிலீஷ் வாக்கியம். ஒவ்வொரு வரியையும் மனதுக்குள் மாற்றி மாற்றி எழுதுவதற்குள் நேரம் ஓடிவிட்டது. பாதித் தாள் வெள்ளையாக இருந்தது.

தோழி என் தாளைப் பார்த்தாள். "ஒனக்குத் தெரியாதா இது?"

"தெரியும்."

"அப்ப சொல்லு பாப்போம்."

தமிழில் கடகடவென்று சொன்னேன். அவள் வாயைப் பிளந்தாள். "எனக்கே இவ்வளவு தெரியாதுடி. இத எழுதியிருந்தா நீ எங்கயோ போயிருப்ப."

எழுதவில்லையே. திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. வளைவுக்கு வளைவு ஆட்கள் மேலே சாய்ந்ததில் நிம்மதியாக அழவும் முடியவில்லை. என்மீதே கோபம். ஏஐமீது கோபப்படவும் வழியில்லை. தமிழில் கேட்டேன், தமிழில் தந்தது. பரீட்சை எந்த மொழியில் என்று அது கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கே அப்படி ஒரு விஷயம் இருப்பது ஞாபகத்துக்கு வரவில்லை.

இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே திட்டுக்குப் போய் நடந்ததை எழுதிப் போட்டேன். பரீட்சையில் எப்படி வெளியே எடுக்க வேண்டுமோ அப்படியே எடுத்துப் பழக வேண்டும் என்றது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விஷயம் தெரியும், அதைச் சொல்லும் வார்த்தைதான் இல்லை என்றும் சொன்னது. இனிமேல் கேள்வியும் இங்கிலீஷ், விடையும் இங்கிலீஷ், வாயால் அல்ல, எழுத்தில். தமிழில் சரி விழுந்த அத்தியாயங்களும் இங்கிலீஷில் புதிதாக ஒரு தடவை வர வேண்டும்; தவறினால் அடுத்த நாள், பிறகு இரண்டு மூன்று நாள் கழித்து. நாள் குறைவாக இருந்ததால் இடைவெளியையெல்லாம் சுருக்கியது. இன்னும் தொடாத கடைசி அத்தியாயங்களை நேரடியாக இங்கிலீஷிலேயே படிக்கச் சொன்னது. எல்லாவற்றுக்கும் நேரம் காணாது, மண்ணியலுக்கு முதலிடம் என்றது. இன்னொரு பாடத்தில் இரண்டு அத்தியாயங்களை நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டினேன்.

அண்ணியிடம் சொன்னேன். "அப்ப எனக்கு வேல இல்ல" என்றாள், பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே.

"இல்ல அண்ணி, இருக்கு." ஒவ்வொரு விடைக்கும் கட்டாயம் இருக்க வேண்டிய சொற்களைத் தனியாக எழுதித் தரும்படி ஏஐயிடம் கேட்டு வாங்கியிருந்தேன். நான் எழுதியதையும் அந்தச் சொற்களையும் பக்கத்தில் வைத்து, இருந்தால் சரி, இல்லாவிட்டால் பிழை. எழுத்தைப் பார்த்து ஒப்பிட்டால் போதும், பொருள் தெரிய வேண்டியதில்லை. கார்மண்ட்டில் அவள் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

அப்படித்தான் மீதி நாட்கள் நடந்தன. கேள்வியை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். நான் எழுதுவேன். அவள் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சரி போடுவாள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் விடமாட்டாள். முதல் இரண்டு நாள், "இது என்னா?" என்று கேட்டாள். "பிறகு சொல்றேன் அண்ணி, நேரம் போகுது" என்றேன். மூன்றாம் நாள் கேட்கவில்லை. வீட்டில் பேச்சுக் குறைந்தது, சரி கூடியது. கடைசி அத்தியாயங்கள் எல்லாம் அப்படியே முடிந்தன: உரம், மண் பாதுகாப்பு, சரிவுகள் உடைந்து இறங்குவது. மண்டபத்துக்குப் போகும் முன்னால் கடைசியாக ஒரு சுற்று எல்லா அத்தியாயமும் வந்து போனது. சிவப்பு மை மிகக் குறைவு.

மண்ணியல் தாள் கையில் கிடைத்ததும், கேள்வியை வாசித்தது என் குரல் இல்லை. அண்ணி எழுத்துக் கூட்டிக் கேட்பதுபோல்தான் காதில் விழுந்தது. கை தானாக ஓடியது. கூடுதல் தாள் கேட்டு வாங்கினேன். வாழ்க்கையில் முதல் தடவை. வெட்டிய இரண்டு அத்தியாயங்களில் ஒன்றிலிருந்து அந்த மற்றப் பாடத்தில் பெரிய கேள்வி வந்தது. அதை விட்டுவிட்டு வந்தேன்.

முடிவு வந்தபோது அடுத்த விடுமுறை, வீட்டில் இருந்தேன். மழைக்காலம் முடிந்து நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. திட்டில் நின்று போனில் பார்த்தேன். மண்ணியல் பாஸ். மற்றவையும் பாஸ், ஒன்று மட்டும் மயிரிழையில். மூன்றாம் வருடத்துக்குப் போகிறேன். ஓடி வந்து அண்ணியைக் கட்டிப் பிடித்தேன். அம்மா அழுதாள், எதற்காக அழுகிறோம் என்று முழுசாகத் தெரியாமலே அழுதாள்.

சாயங்காலம் அம்மா விறகுக்குப் போன பிறகு, அண்ணி இரண்டு கோப்பைத் தேத்தண்ணியை வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இப்ப நேரம் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப அந்தக் கடைசிப் பாடமெல்லாம் என்னன்னு சொல்லு. பாதிக் கத கேட்டுட்டு நிக்கிறேன் நான்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சொல்லத் தொடங்கினேன். உரத்தைச் சொன்னேன், மண் பாதுகாப்பைச் சொன்னேன். பிறகு மண்சரிவு. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி மண்ணின் பிடிப்பைக் குறைப்பது, பாரம் தாங்காமல் சரிவு மெதுவாக நகரத் தொடங்குவது. நகரத் தொடங்கினால் முன்கூட்டியே தெரியும் அடையாளங்கள் என்று ஒரு கேள்வி. தாளிலும் அது வந்தது, முழுப் புள்ளி வாங்கியிருப்பேன். இங்கிலீஷில்தான் முதலில் வாயில் வந்தது. அதை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினேன்.

"நிலத்துல வெடிப்பு விழும். மரம், கரண்ட் போஸ்டெல்லாம் சாயும். இல்லாத எடத்துல ஊத்துத் தண்ணி வரும், கலங்கலா வரும். நிலை கோணிப் போயி கதவு, ஜன்னலெல்லாம் இறுகும், சாத்த முடியாது..."

 அண்ணியின் கை கோப்பையைப் பிடித்தபடியே நின்றது. இரண்டு பேரும் பின்கட்டுக் கதவைப் பார்த்தோம். என் படிப்பு விடுமுறை தொடங்கியதிலிருந்தே அது இறுக்கம். மழைக்கு மரம் ஊதிவிட்டது என்று அம்மா சொன்னாள், நாங்களும் அதையே சொன்னோம். அண்ணன் வந்தால் சீவச் சொல்ல வேண்டும் என்றிருந்தோம். அந்த மாதம் முழுவதும் காலையில் முகம் கழுவப் போக நான் அதைத் தோளால் இடித்துத்தான் திறந்தேன். இடித்துத் திறந்து போய், திரும்பி வந்து உட்கார்ந்து, இங்கிலீஷில் 'கதவு நிலைகள் இறுகுதல்' என்று பிழையில்லாமல் எழுதினேன்.

"மழ விட்டு எம்புட்டு நாளாச்சு," என்றாள் அண்ணி. "மரம் ஊதுனதுன்னா இந்நேரம் காஞ்சிருக்கணுமே."

நான் எழுந்து போய்த் தோளால் இடித்துப் பார்த்தேன்; அது இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது.

"நீ எழுதுனப்ப அதுக்கு நான் சரி போட்டேனா?"

"அந்தக் கேள்வி வந்த தடவையெல்லாம் போட்டீங்க அண்ணி."

அவள் எழுந்து, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினாள். "அம்மாவக் கூப்பிடு," என்றாள். "பொறகு அந்தத் திட்டுக்குப் போயி, நிலம் நகருதுன்னு கிராம சேவகருக்குப் போன் போடு. தமிழ்ல சொல்லு, சிங்களத்துல சொல்லு, எதுலயாச்சும் சொல்லு."